சோலனாய்டு வால்வு மூடும்போது குழாயில் விழும் அடி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தண்ணி ஓடும்போது ஒரு சத்தமும் இல்ல. வால்வு மூடுற நொடியில மட்டும் குழாய் 'டொம்'னு அடிக்குது. என்ன அது?

அதுதான் வாட்டர் ஹாமர். 20 மி.மீ உள்விட்டமுள்ள 30 மீட்டர் குழாயில் ஒன்பது கிலோவுக்கும் சற்று அதிகமான தண்ணீர் இருக்கும். வால்வு சட்டென்று மூடும்போது வால்வை ஒட்டிய தண்ணீர் முதலில் நிற்கிறது. பின்னால் வருவது இன்னும் ஓடிக்கொண்டிருப்பதால் நின்ற தண்ணீரின் மேல் வந்து நெருக்குகிறது. அந்த நெருக்கம் ஓர் அழுத்த அலையாகத் தொட்டியை நோக்கி ஓடி, அங்கே பட்டுத் திரும்பி, மறுபடி வால்வில் மோதும். இப்படிப் பலமுறை போய்வந்த பிறகுதான் அடங்கும்.

காதில் விழும் 'டொம்' பெரும்பாலும் குழாய் உதறிக் கிளிப்பிலும் சுவரிலும் இடிக்கும் ஓசை. கிளிப்பை இறுக்கினால் சத்தம் குறையும், உள்ளே ஏறும் அழுத்தம் குறையாது. சத்தம் போனதும் வேலை முடிந்தது என்று நினைப்பவர்களின் குழாய்தான் சில மாதம் கழித்து எல்போவிலோ, மரை அடாப்டரிலோ கசியும்.

ஒரு சோதனை முதலில் செய்துவிடுங்கள். பம்ப் நிற்கும்போது அடிக்கிறதா, வால்வு மூடும்போது அடிக்கிறதா? பம்பை ஓடவிட்டு வால்வை மட்டும் மூடுங்கள். அப்போது அமைதியாக இருந்து, பம்ப் நின்றதும் அடித்தால் குற்றவாளி நான்-ரிட்டர்ன் வால்வு. அதற்கு வைத்தியம் வேறு.

எவ்வளவு அழுத்தம் ஏறும்னு கணக்குப் போட முடியுமா?

முடியும். நிக்கொலாய் ஜுகோவ்ஸ்கி மாஸ்கோவின் குடிநீர்க் குழாய்களில் சோதித்து 1898-ல் வெளியிட்ட சூத்திரம் இன்றும் அப்படியே பயன்படுகிறது:

ΔP = ρ × a × v

ρ தண்ணீரின் அடர்த்தி (1000 கிலோ/கன மீட்டர்), a அழுத்த அலையின் வேகம், v நின்றுபோகும் ஓட்டத்தின் வேகம். அலையின் வேகம் குழாயின் விறைப்பைப் பொறுத்தது. எஃகுக் குழாயில் சுமார் 1300 மீ/வி. சிறிய பிவிசி குழாயில் 500 மீ/வி அளவில் இருக்கும்.

இந்தப் பக்கம் முழுவதற்கும் ஒரே எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம். 30 மீட்டர் பிவிசி குழாய், உள்விட்டம் 20 மி.மீ, ஓட்டம் நிமிடத்துக்கு 30 லிட்டர். ஓட்ட வேகம் நொடிக்கு 1.6 மீட்டர். அழுத்த உயர்வு 1000 × 500 × 1.6, அதாவது 8,00,000 பாஸ்கல், 8 பார். ஓடும்போது வால்வருகே 2.5 பார் இருந்ததென்றால் உச்சம் 10.5 பார். 10 பார் தரக் குழாய் அன்றே வெடித்துவிடாது. ஆனால் நாளைக்கு 40 முறை வால்வு மூடினால் வருடத்துக்கு 14,600 அடி. பிவிசி சாவது பெரும்பாலும் இந்தக் களைப்பால்தான். அதே ஓட்டம் எஃகுக் குழாயில் என்றால் உயர்வு மட்டுமே 21 பாரை நெருங்கும்.

கவனியுங்கள், சூத்திரத்தில் லைன் அழுத்தமே இல்லை. அழுத்தம் குறைக்கும் வால்வைப் போட்டால் ஓட்டம் எவ்வளவு குறைகிறதோ அந்த அளவுக்குத்தான் அடியும் குறையும். குழாயின் நீளமும் இதில் இல்லை. அது எங்கே வருகிறது என்பது அடுத்த பதிலில்.

எவ்வளவு வேகமா மூடினா 'வேகம்'னு சொல்றது?

அலை தொட்டிவரை போய்த் திரும்பும் நேரத்தை அளவுகோலாக வைத்துத்தான் சொல்ல வேண்டும். அது 2L/a, இதில் L குழாயின் நீளம். நம் குழாயில் 60 ÷ 500 = 0.12 நொடி. வால்வு இதற்குள் மூடிவிட்டால் முழு 8 பாரும் விழும். 30 மில்லிநொடியில் மூடினாலும் 100 மில்லிநொடியில் மூடினாலும் ஒன்றுதான். சிறிய நேரடி வகை சோலனாய்டுகள் சில பத்து மில்லிநொடிகளில் மூடுகிறவை, ஆகவே எப்போதும் முழு அடிதான்.

அதற்கு மேல் நேரம் எடுத்தால், திரும்பி வரும் அலை வால்வில் ஏறும் அழுத்தத்தைக் கழித்துக்கொண்டே வரும். அப்போது தோராயமாக இப்படி:

ΔP ≈ 2 × ρ × L × v / T

T என்பது மூடும் நேரம். ஓட்டம் 3 நொடியில் சீராகக் குறைந்தால் உயர்வு 0.32 பார்தான். 8 எங்கே, 0.32 எங்கே! குழாயைத் தடிமனாக்குவதைவிட மூடும் நேரத்தை நீட்டுவது லாபம் என்று சொல்வது இதனால்தான்.

என் வால்வு 2 நொடியில மூடும்னு தாள்ல போட்டிருக்கு. அப்புறம் ஏன் அடிக்குது?

வால்வின் அடைப்பான் நகர 2 நொடி ஆகலாம். ஓட்டம் 2 நொடி முழுக்கச் சீராகக் குறைவதில்லை. வால்வு முழுதாகத் திறந்திருக்கும்போது ஓட்டத்தைத் தடுப்பது பெரும்பாலும் குழாயின் உராய்வுதான். வால்வு பாதி மூடிய பிறகும் அதன் தடை குழாயின் தடையைவிடச் சிறியதாகவே இருக்கும், ஓட்டம் பெரிதாகக் குறையாது. கடைசிப் பகுதியில்தான் ஓட்டம் மொத்தமாகச் சரிகிறது. பயணத்தின் கடைசி ஐந்தில் ஒரு பங்குதான் உண்மையான மூடும் நேரம் என்று வைத்துக் கணக்குப் போடுவது பாதுகாப்பானது.

அப்படிப் பார்த்தால் 2 நொடி வால்வின் உண்மையான T 0.4 நொடி. நம் 30 மீட்டர் குழாயில் உயர்வு 2.4 பார், பொறுத்துக்கொள்ளலாம். அதே வால்வை அதே ஓட்டத்தில் 150 மீட்டர் குழாயின் முனையில் மாட்டுங்கள். அலை போய்வர 0.6 நொடி ஆகிறது, வால்வோ 0.4 நொடியில் மூடிவிடுகிறது. முழு 8 பார். வால்வு மாறவில்லை, குழாய்தான் நீண்டது. "அந்த இடத்துல நல்லா வேலை செஞ்ச வால்வு இங்க ஏன் அடிக்குது" என்ற கேள்விக்கும் இதுவே பதில்.

காயிலுக்குப் போற மின்னழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமா குறைச்சா வால்வு மெதுவா மூடாதா? மின்சாரத்தை வேகமா விட்டு விட்டுக் கொடுக்குற பிடபிள்யூஎம் போட்டா?

மூடாது. பலரும் முதலில் முயல்வது இதைத்தான், பணமும் நேரமும் வீணாவதும் இதில்தான். சாதாரண சோலனாய்டில் காந்த இழுவை இடைவெளி குறையக் குறையக் கூடுகிறது. காயில் இழுக்கும் இரும்புத் தண்டான பிளஞ்சர் முழுதாக உள்ளே இருக்கும்போது சிறிய மின்னோட்டமே அதைப் பிடித்து வைத்திருக்கும். மின்னோட்டத்தைக் குறைத்துக்கொண்டே வந்தால் ஒரு கட்டத்தில் ஸ்பிரிங் வெல்லும், பிளஞ்சர் அசையும். அசைந்ததும் இடைவெளி பெருகும், இழுவை இன்னும் சரியும், ஸ்பிரிங் அதை ஒரே தள்ளாகத் தள்ளிவிடும். பாதி வழியில் நிற்க அதற்கு இடமே இல்லை. நீங்கள் 5 நொடி எடுத்துக் குறைத்தாலும் வால்வு 5 நொடி தாமதமாக, அதே வேகத்தில் மூடும்.

ஓட்டத்தைச் சீராகக் கட்டுப்படுத்தவென்றே செய்யப்படும் புரொபோர்ஷனல் சோலனாய்டு வால்வுகள் உண்டு. அவற்றின் காந்த முனை வேறு வடிவத்தில் கடைந்திருக்கும். அவற்றில் பிடபிள்யூஎம் வேலை செய்யும். ஏசி காயிலில் மட்டும் இந்த விளையாட்டு வேண்டாம். மின்னழுத்தம் குறைந்து பிளஞ்சர் உள்ளே போகாமல் நின்றால் காயிலின் மின்னோட்டம் கூடிப்போய்ச் சூடேறிக் கருகும்.

காயிலுக்குக் குறுக்கே டயோடு போட்டா மெதுவா விடும்னு சொல்றாங்களே?

டிசி காயிலில் டயோடு போட்டால் மின்னோட்டம் உடனே அறாமல் கொஞ்சம் சுழன்று அடங்கும். அதனால் வால்வு விடுவது சில பத்து மில்லிநொடி தள்ளிப்போகும். அது தாமதம், நிதானம் அல்ல. போன பதிலில் சொன்ன அதே காரணம். டயோடை எடுத்துவிடாதீர்கள், சுவிட்ச் செய்யும் டிரான்சிஸ்டரைக் காப்பது அதுதான்.

அப்போ டயாஃப்ரம் வால்வு எதை வச்சு மூடுது? அதை மெதுவாக்க வழி உண்டா?

டயாஃப்ரம் வகையில் காயில் திறந்து மூடுவது ஒரு ஊசித்துளையை மட்டும்தான். அந்தப் பைலட் துளை மூடியதும், டயாஃப்ரத்தில் உள்ள இன்னொரு நுண்துளை வழியாகத் தண்ணீர் மேல் அறைக்குள் ஏறுகிறது. அறை நிரம்பும் வேகமே டயாஃப்ரம் இறங்கும் வேகம். ஆகவே காயிலில் என்ன மின்சார வித்தை செய்தாலும் அது டயாஃப்ரத்தை எட்டாது.

இதை மெதுவாக்க இரண்டு நேர்வழிகள். ஒன்று, மெதுவாக மூடும்படி வடிவமைத்த மாடலையே வாங்குவது. தாளில் திறக்கும் நேரம், மூடும் நேரம் என்று தனித்தனியாகப் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். மூடும் நேரம் எழுதாத வால்வை நீண்ட குழாயில் மாட்டாமல் இருப்பது நல்லது. இன்னொன்று, பாசன வால்வுகளின் தலையில் இருக்கும் ஓட்டக் கட்டுப்பாட்டுத் திருகு. அதை இறக்கினால் டயாஃப்ரம் குறைவாகத்தான் எழும்பும், ஓட்ட வேகமும் குறையும். வேகம் பாதியானால் அடியும் பாதி. குழாய் வழியின் வேகத்தை நொடிக்கு 1.5 மீட்டருக்குள் வைப்பது பாசனத்தில் வழக்கமான வரம்பு.

நுண்துளையை மெழுகு வைத்தோ கம்பி செருகியோ சிறிதாக்குபவர்கள் உண்டு. சில நாள் அழகாக மெதுவாக மூடும். பிறகு ஒரு மணல்துகள் அடைத்துக்கொள்ளும், வால்வு மூடவே மூடாது.

ரெண்டு வால்வு இணையா வச்சு ஒன்னொன்னா மூடலாமா?

நல்ல வழிதான், ஆனால் பக்க வால்வின் அளவில்தான் எல்லாரும் கோட்டை விடுகிறார்கள். சின்ன பைபாஸ் போதும் என்று நினைத்து ஓட்டத்தில் கால்பங்கு விடும் வால்வை வைத்தால், பெரியது மூடும்போதே வேகம் முக்கால்பங்கு போய்விடும், 6 பார் அடி விழும். மிச்சம் 2 பார். பெரிய அடி எவ்வளவோ அதுதான் குழாய்க்குக் கணக்கு.

பைபாஸ் மட்டும் திறந்திருக்கும்போது மொத்த ஓட்டத்தில் பாதி போக வேண்டும். நம் எடுத்துக்காட்டில் அது நிமிடத்துக்கு 15 லிட்டர். வாளியும் கடிகாரமும் வைத்து அளந்துவிடலாம். அப்போது இரண்டு அடியும் தலா 4 பார். பெரியதை மூடிய பிறகு முதல் அலை அடங்க 2 நொடியாவது விட்டுச் சிறியதை மூடுங்கள். உடனே மூடினால் இரண்டு அலையும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும்.

மோட்டார் பால் வால்வுக்கு மாறினா புரோகிராம்ல எப்படி மூடுறது?

உண்மையான மென்மூடல் வேண்டுமென்றால் இதுதான் வழி. வாங்கும்போது ஒன்றைப் பாருங்கள்: மின்சாரம் நின்றால் இருந்த இடத்திலேயே நிற்கும் வகையாக இருக்க வேண்டும். திறக்க ஒரு கம்பி, மூட ஒரு கம்பி என்று வருபவை பொதுவாக அப்படி நிற்கும். மின்சாரம் போனதும் தானாகத் திரும்பி மூடும் வகையை நடுவில் நிறுத்த முடியாது.

திறந்த நிலையிலிருந்து மூட 6 நொடி எடுக்கும் வால்வு என்று வைப்போம். முதல் 4 நொடி நிற்காமல் ஓட்டலாம், முன்பு சொன்னதுபோல் அதுவரை ஓட்டம் பெரிதாக மாறாது. கடைசி 30 பாகையைத் துண்டு துண்டாக:

```
const int CLOSE_PIN = 7;

void pulse(int onMs, int offMs) {
  digitalWrite(CLOSE_PIN, HIGH);
  delay(onMs);
  digitalWrite(CLOSE_PIN, LOW);
  delay(offMs);
}

void softClose() {
  pulse(4000, 0);
  for (int i = 0; i < 16; i++) pulse(150, 500);
  pulse(3000, 0);
}
```

150 மில்லிநொடித் துண்டு 14 போட்டாலே கணக்குப்படி மிச்சமுள்ள 2 நொடிப் பயணம் முடியும். ஒவ்வொரு முறையும் மோட்டார் கிளம்பக் கொஞ்சம் நேரம் போவதால் 16. நடுவிலுள்ள 500 மில்லிநொடி நம் குழாயின் 0.12 நொடியைப்போல் நான்கு மடங்கு. அதற்குள் அலை சில தடவை போய்வந்து தளர்ந்துவிடும். குழாய் நீளமானால் இதையும் நீட்டுங்கள். கடைசி 3 நொடி, வால்வு தன் எல்லைச் சுவிட்சைத் தொட்டு முழுதாக மூடுவதை உறுதிசெய்ய.

`setup()`-இல் `pinMode(CLOSE_PIN, OUTPUT)` வேண்டும். ரிலே பலகைகள் பல `LOW` கொடுத்தால்தான் இழுக்கும். உங்களுடையது அப்படியென்றால் `HIGH`, `LOW` இரண்டையும் மாற்றிப் போட்டு, `setup()`-இல் `pinMode` வரிக்கு முன்பே `digitalWrite(CLOSE_PIN, HIGH)` என்றும் எழுதுங்கள். இல்லாவிட்டால் ஓய்விலேயே வால்வு மூட முயன்றுகொண்டிருக்கும்.

புரோகிராம்ல எல்லாம் சரி. ஓடும்போது கரண்ட் போனா?

சோலனாய்டு என்றால், மின்சாரம் இல்லாதபோது மூடியிருக்கும் வகை உடனே விழுந்து மூடும், முழு அடியோடு. மோட்டார் பால் வால்வு என்றால் திறந்தபடியே நிற்கும், தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும். இரண்டில் எது உங்களுக்குக் கெடுதல் என்று முடிவு செய்யுங்கள். வெள்ளம் ஆபத்து என்றால் கட்டுப்பாட்டுப் பலகைக்கும் வால்வுக்கும் சேர்த்து ஒரு பேட்டரி வையுங்கள், மின்சாரம் போனதை உணர்ந்ததும் `softClose()` ஓடட்டும். நிரலை மட்டும் நம்பும் எந்த ஏற்பாட்டுக்கும் இந்த ஓட்டை உண்டு. அதனால் சோலனாய்டு இருக்கும் இடத்தில், அடியை உள்வாங்கும் வாயு அறையான அரெஸ்டரும் இருக்கட்டும்.

அரெஸ்டர் எங்க வைக்கணும், எவ்வளவு பெருசு?

வால்வுக்கு முன்னால், தண்ணீர் வரும் பக்கம், 2 மீட்டருக்குள். தொட்டியருகே வைத்தால் அலை குழாய் முழுக்க அடித்த பிறகுதான் அங்கே போய்ச் சேரும்.

அளவுக்கு: நம் 9.4 கிலோ தண்ணீர் 1.6 மீ/வி வேகத்தில் வைத்திருக்கும் ஆற்றல் 12 ஜூல். இதை வாயு அறை உள்வாங்க வேண்டும். உச்சம் 5 பாரைத் தாண்டக் கூடாது என்றால் அரை லிட்டர் அளவில் வாயு தேவைப்படுகிறது. துணி துவைக்கும் இயந்திரத்துக்குப் பின்னால் மாட்டும் கைப்பிடி அளவு அரெஸ்டர் இங்கே போதாது. அது செயல்படவில்லை என்று திட்டுவார்கள், பாவம் அதற்கு வேலை அதிகம்.

மேல்முனை அடைத்த வெறும் குழாயைச் செங்குத்தாக நிறுத்தினாலும் முதலில் வேலை செய்யும். உள்ளிருக்கும் காற்று மெல்லத் தண்ணீரில் கரைந்துபோகும், பிறகு அது வெறும் தண்ணீர்க் குழாய். அவ்வப்போது லைனை வடித்துக் காற்று ஏற்ற வேண்டும். பிஸ்டன் வகையில் வாயு தனியே அடைபட்டிருப்பதால் அந்தத் தொல்லை இல்லை. ரப்பர்ப் பை வகையில் வாயு அழுத்தத்தைச் சரிபார்க்கும்போது லைன் அழுத்தத்தை முதலில் இறக்குங்கள். இறக்காமல் அளந்தால் லைன் அழுத்தத்தையே படித்துக்கொண்டிருப்பீர்கள்.

பம்பை முதல்ல நிறுத்திட்டு வால்வை மூடினா போதாதா?

பம்ப் நேரடியாகத் தள்ளும் லைனில் இது செலவே இல்லாத வைத்தியம். பம்பை நிறுத்தி, ஓட்டம் தளர 3 முதல் 5 நொடி விட்டு வால்வை மூடுங்கள். v ஏற்கெனவே சிறிதாகிவிட்டதால் அடியும் சிறிது. பல வால்வுகள் மாறி மாறித் திறக்கும் பாசனத்தில், அடுத்ததைத் திறந்து சில நொடி கழித்து முந்தையதை மூடினால் பிரதான குழாயில் ஓட்டம் அறவே நிற்காது. மூடும் வால்வின் கிளைக்குழாயில் மட்டும் அடி மிஞ்சும். மேல்நிலைத் தொட்டியிலிருந்து தானாக இறங்கும் லைனுக்கு இந்த வழி உதவாது.

சரி பண்ணிட்டேன். மீட்டர்ல முள் அசையவே இல்ல. அப்போ சரியாயிடுச்சா?

முள் மீட்டரை நம்ப வேண்டாம். உச்சம் நிற்பது 0.12 நொடி அளவுதான், முள் எழும்புவதற்குள் அது போய்விடும். அதிர்வைத் தடுக்கக் கிளிசரின் நிரப்பிய மீட்டர் இன்னும் மந்தம். அழுத்த சென்சார் ஒன்றை வால்வுக்கு முன்னால் மாட்டி, நொடிக்கு 1000 முறை படித்து, உச்ச மதிப்பை மட்டும் பிடித்து வையுங்கள். அளவு எல்லை லைன் அழுத்தத்துக்கு அல்ல, எதிர்பார்க்கும் அடிக்கு ஏற்ப இருக்கட்டும். நம் குழாய்க்கு 6 பார் சென்சார் போட்டால் முதல் மூடலிலேயே பழுதாகலாம், 16 பார் போடுங்கள்.

வால்வுக்கு முன்னாடி அமைதி. வால்வுக்குப் பின்னாடி இருக்கிற குழாய் அடிக்குது. அது எப்படி?

வால்வு மூடியதும் அதற்கு அப்பால் உள்ள தண்ணீர் நிற்பதில்லை, ஓடிக்கொண்டே போகிறது. வால்வை ஒட்டி வெற்றிடம் உண்டாகி, அழுத்தம் மிகக் குறைந்து ஆவிக் குமிழி உருவாகும். பிறகு தண்ணீர் திரும்பி வந்து அந்த வெற்றிடத்தை மூடும்போது வால்வின் பின்புறம் அறை விழும். வால்வு தொட்டியருகேயும் குழாய் அதிலிருந்து நீண்டு சரிவில் இறங்குவதாகவும் இருந்தால் இது சகஜம்.

முன்பக்க அரெஸ்டர் இதைத் தொடாது. வால்வுக்கு அடுத்து உடனே ஒரு காற்று வால்வு அல்லது வெற்றிட முறிப்பான் வையுங்கள், வெற்றிடம் உண்டாகும்போது அது காற்றை உள்ளே விடும். தண்ணீரில் காற்று கலக்கக் கூடாத லைன் என்றால் சோலனாய்டைக் குழாயின் மறுமுனைக்கு, தண்ணீர் வெளியேறும் இடத்துக்கு, நகர்த்துங்கள். அப்போது பின்னால் ஓடுவதற்குத் தண்ணீரே இருக்காது. ஆனால் முழு நீளமும் இப்போது வால்வுக்கு முன்னால் வந்துவிடுவதால் 2L/a-வைப் புது நீளத்துக்கு மறுபடி போட்டுப் பாருங்கள். குழாய் எப்போதும் அழுத்தத்தில் நிறைந்தே இருக்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.